ரேஷன் கடை தாங்கும் நெல், தாங்காத கடலை

புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வரும் உழவர்களுக்கு இந்த மடல்.

"அரசு அறிவித்த விலை எங்களுக்குக் கிடைக்கவில்லை." மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்து வருகிறவரும் எழுதக்கூடிய வரி இது. ஆவுடையார்கோவில் பக்கத்து நெல் விவசாயியும் இதை எழுதலாம், ஆலங்குடி பக்கத்துக் கடலை விவசாயியும் எழுதலாம். இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே குறை அல்ல. நெல்லுக்கு அந்த விலையில் வாங்க ஓர் இடம் உண்டு; அங்கே போய்ச் சேர்வதிலும், சேர்ந்தபின் நெல்லைத் தேறவைப்பதிலும்தான் பாடு. கடலைக்கு அப்படியோர் இடமே கண்ணில் படுவதில்லை. மனு எழுதும்போது இதைப் பிரித்து எழுதினால், யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகும். இதை எழுதுவது அதற்காக.

முதலில் அந்த விலை எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். 2025-26 பருவத்துக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றிய அமைச்சரவை 2025 மே 28 அன்று அறிவித்தது. பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. தமிழ்நாடு அரசு தன் பங்குக்குப் பொது ரகத்துக்கு 131 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 156 ரூபாயும் ஊக்கத்தொகை சேர்த்ததால், இங்கே அவை 2,500, 2,545 ஆயின. 2,369 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் ஒரு குவிண்டால் நெல்லின் உற்பத்திச் செலவை 1,579 ரூபாய் என்று கணித்தது. அதை ஒன்றரையால் பெருக்கினால் இந்த எண் வந்துவிடும்.

அந்த 1,579-க்குள் என்ன இருக்கிறது? விதை, உரம், மருந்து, டீசல், கூலி, எந்திர வாடகை, குத்தகை எடுத்திருந்தால் அதற்குக் கொடுத்த தொகை, வீட்டார் உழைப்புக்கு மதிப்புப் போட்ட கூலி எல்லாம் இருக்கின்றன. சொந்த நிலத்துக்கு வாடகை மதிப்பும், உழவரின் சொந்த நிலையான முதலுக்கு வட்டியும் இல்லை. அவற்றையும் சேர்த்துக்கொண்டு ஒன்றரை மடங்கு போட வேண்டும் என்பதுதான் விவசாயச் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பெயர் மேடைதோறும் ஒலிப்பது இதனால்தான்.

இந்தச் சண்டை நியாயமானது. ஆனால் புதுக்கோட்டைக்காரர்கள் அதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆணையம் கணிப்பது நாட்டின் சராசரி. அதுவும் குவிண்டாலுக்கான சராசரி. ஓர் ஏக்கருக்கு 30,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 குவிண்டால் விளைந்தால் ஒரு குவிண்டாலின் அடக்கம் 1,250 ரூபாய். கார்த்திகையில் மழை ஏமாற்றி, கண்மாய் வற்றி, 14 குவிண்டால்தான் தேறியது என்றால் அதே செலவில் அடக்கம் 2,143 ஆகிவிடும். அப்போது 2,500 ரூபாய் முழுசாகக் கைக்கு வந்தாலும் செலவின் மேல் மிஞ்சுவது ஆறில் ஒரு பங்குதான்; ஒன்றரை மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்மாயையும் வானத்தையும் நம்பிப் பெரும்பகுதி நடக்கிற மாவட்டம் இது. ஆதரவு விலை விளைந்த நெல்லுக்கு மட்டும் பேசும். விளையாமல் போன பத்துக் குவிண்டாலுக்கு அதனிடம் பதில் இல்லை. அது பயிர்க் காப்பீட்டின் கணக்கு. அந்த மனுவைத் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று. இந்த விலைக்குச் சட்டம் பின்னால் நிற்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத் தூரம் போக வேண்டாம், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவரிடம் பேசினால் போதும். கரும்புக்கு அறிவிக்கப்படுவது நியாயமான, ஆதாயமான விலை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி எந்த ஆலையும் அதற்குக் குறைத்து வாங்க முடியாது. கரும்பு கிடைத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு. நெல்லுக்கோ கடலைக்கோ உளுந்துக்கோ அப்படி எதுவும் இல்லை. வியாபாரி வரப்பில் நின்று ஆதரவு விலைக்கு 300 ரூபாய் குறைத்துக் கேட்டாலும், அதை மீறல் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அரசு சொல்வது ஒன்றே ஒன்று: நான் வாங்கும் இடத்தில், நான் வாங்கும் நாளில், நான் சொன்ன தரத்தில் கொண்டுவந்தால், இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

அப்படியானால் அரசு எதை வாங்கும்? அறிவிப்புப் பட்டியலில் 22 பயிர்கள் இருக்கின்றன. நாடெங்கும் பேரளவில், வருடம் தவறாமல் வாங்கப்படுபவை நெல்லும் கோதுமையும். காரணம் உழவர் மீதான பாசம் மட்டும் அல்ல, ரேஷன் கடை. இந்த ஏற்பாட்டின் பிறப்பிலேயே அது இருக்கிறது. சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, 1965 ஜனவரியில், விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் அடுத்தடுத்து வந்தன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் பக்கத்துத் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. நகரங்களுக்கு அரிசி வேண்டும், அதற்கு நெல் வேண்டும், நெல்லுக்கு நம்பிக்கையான ஒரு விலை வேண்டும் என்ற வரிசையில் பிறந்த திட்டம் அது. இன்று தமிழ்நாட்டில் நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் வாங்கி, ஆலைகளில் அரைத்து, ரேஷனுக்கு அனுப்புகிறது. வாங்கிய நெல்லுக்குப் போகும் இடம் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நெல்லுக்குக் களம் இருக்கிறது.

களம் இருந்தும் நெல் விவசாயி மனுவோடு வருவது ஏன்?

கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஆவுடையார்கோவில், மணமேல்குடி வட்டாரங்கள், கால்வாய் போய் முடிகிற மும்பாலை வரை. இங்கே தண்ணீர் தாமதமாக வரும், நடவு தாமதமாகும், சம்பா அறுவடை தையில் தொடங்கி மாசிவரை இழுக்கும். அறுவடை எந்திரம் ஒரே நாளில் பத்து ஏக்கரைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். முன்பு தாள் அறுத்து, கட்டு கட்டி, போரடித்த நாட்களில் நெல் வழியிலேயே பாதி காய்ந்திருக்கும். இப்போது வயலிலிருந்து இறங்கும்போதே ஈரம் 20, 21 விழுக்காடு. கொள்முதல் நிலையம் ஏற்பது 17 வரை.

ஓர் ஏக்கரில் 24 குவிண்டால், அதாவது நாற்பது கிலோ சிப்பமாக 60, ஈரம் 21 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போடுவோம். இதை 17-க்குக் காயவைத்தால் நீர் போய் எடை குறையும். நூறு கிலோவில் 79 கிலோ உலர் பொருள். அது 83 பங்காக நிற்கும்போது மொத்த எடை 95.2 கிலோ. ஆக 24 குவிண்டால் 22.84 ஆகிவிடும். 2,500 வீதம் 57,100 ரூபாய் சொச்சம். வியாபாரி அதே ஈர நெல்லை வரப்பிலேயே 2,200-க்குக் கேட்கிறார் என்றால் 52,800. பார்வைக்கு 300 ரூபாய் வித்தியாசம் போலத் தெரிகிறது. எடை இழப்பைக் கழித்தால் உண்மை வித்தியாசம் குவிண்டாலுக்கு 180 ரூபாய்தான், ஏக்கருக்கு 4,300. அந்த 4,300-க்குள் நெல்லைக் கொட்டிக் காயவைக்கும் ஆள்கூலி, படுதா வாடகை, களத்தில் வரிசைக்காகக் காத்திருக்கும் ராத்திரிகள், நடுவில் ஒரு மழை வந்தால் முளைத்துப்போகும் மூட்டைகள் எல்லாம் அடங்க வேண்டும். வெயில் நன்றாக இருந்து, நிலையம் பக்கத்தில் இருந்து, மூன்று நாளில் எடை போட்டால் காத்திருப்பது லாபம். பத்து நாள் ஆகுமென்றால் வியாபாரிக்குக் கொடுப்பவரை ஏமாளி என்று சொல்ல முடியாது. அவர் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்.

அந்தக் கணக்கில் மாற்றக்கூடிய எண் விலை அல்ல, காத்திருக்கும் நாள். நிலையம் எந்த ஊரில், எந்தத் தேதியில் திறக்கிறது, நாளொன்றுக்கு எத்தனை சிப்பம் எடை போடுகிறது, எடை போட்ட மூட்டைகளை லாரி எப்போது ஏற்றுகிறது என்பவை கடைமடை உழவருக்கு, 2025-இல் டெல்லியில் உயர்த்திய 69 ரூபாயைவிட அதிகம் பெறுமானவை. லாரி வராமல் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தால் அடுத்தவர் நெல்லைக் கொட்ட இடமில்லை. சாக்கு வரவில்லை என்றாலும் எடை நின்றுவிடும். நிலையம் மூடியிருக்கிறது என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். திறந்தேதான் இருக்கும், நெல் மட்டும் நகராது.

ஈரப்பதத்தில் தளர்வு கேட்பது ஆண்டுதோறும் நடக்கிற காரியம். அதையும் உறுதியாக நம்ப முடியாது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு 19 விழுக்காடு வரை அனுமதித்தது. 2025 அக்டோபரில் குறுவை மழையில் நனைந்தபோது மாநில அரசு 22 வரை கேட்டது, மத்தியக் குழுக்கள் டெல்டாவுக்கு வந்து மாதிரி எடுத்துப் போயின, தளர்வு கிடைக்கவில்லை. மழை இன்றைக்குப் பெய்கிறது, உத்தரவு வருவதற்கு வாரங்கள் ஆகின்றன. அதற்குள் நெல் காய்ந்திருக்கும், அல்லது முளைத்திருக்கும்.

நிலையத்தில் நடப்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும். ஈரமானி என்பது ஒரு கைப்பிடி நெல்லை உள்ளே வாங்கி எண்ணைக் காட்டும் சின்னப் பெட்டி. வெயிலில் இருந்து அள்ளிய சூட்டோடு போட்டால் ஒரு எண், நிழலில் ஆறவிட்டுப் போட்டால் இன்னொரு எண். குவியலின் மேல் நெல் ஓர் எண், அடியில் உள்ளது வேறோர் எண். ஆகவே மூன்று இடங்களில் அள்ளிய நெல்லைக் கலந்து, ஆறவிட்டு, உங்கள் கண்முன் அளக்கச் சொல்வது உங்கள் உரிமை. பல்லில் வைத்துக் கடித்து 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது வீட்டிலிருந்து கிளம்பும் முன் பார்ப்பதற்கு நல்ல சோதனை. பட்டியல் எழுத்தரிடம் செல்லாது.

ஈரத்துக்கு அடுத்தது எடை. சிப்பம் என்பது நெல் 40 கிலோ, அத்தோடு சாக்கின் எடை. புதுச் சணல் சாக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். தராசில் அதற்கு மேல் ஒரு கிலோ கூடுதலாக நின்றால் 60 சிப்பத்துக்கு 60 கிலோ, அதாவது 1,500 ரூபாய் போய்விட்டது. மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறும் தொகையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எந்த ரசீதிலும் அது இல்லாததால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் அதுவும் ஆதரவு விலையிலிருந்து கழிகிற பணம்தான். குவிண்டாலுக்கு இரண்டரைச் சிப்பம். சிப்பத்துக்கு 40 ரூபாய் கைமாறினால் குவிண்டாலுக்கு 100 ரூபாய் போகிறது. 2025-26-இல் மாநில அரசு கொடுத்த 131 ரூபாய் ஊக்கத்தொகையில் முக்கால் பங்கு அங்கேயே தீர்ந்தது.

நெல்லுக்கு இந்தப் பாடு. கடலைக்கு வருவோம்.

கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடி பக்கத்துச் செம்மண்ணில் விளையும் நிலக்கடலைக்கு 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். முந்தைய ஆண்டைவிட 480 அதிகம். நாற்பது கிலோ காய்க்குப் பிரித்தால் 2,905 ரூபாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனால், அங்கே நடப்பது மறைமுக ஏலம். வியாபாரி ஒரு கை கடலையை உடைத்து, பருப்பின் திரட்சியைப் பார்த்து, தன் விலையைச் சீட்டில் எழுதுவார். விற்பனைக்கூடம் சரியான எடையையும் போட்டியையும் தர முடியும். ஏலத் தொகை 7,263-க்குக் கீழே போகக் கூடாது என்று அதனால் கட்டளையிட முடியாது. விலை பிடிக்காவிட்டால் சரக்கைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிக் காத்திருக்கலாம். கடன்காரர் வாசலில் நிற்காதவருக்கு அது சாத்தியம்.

கடலையை அரசே வாங்க வழி இல்லாமலும் இல்லை. 2018-இல் வந்த பி.எம்.-ஆஷா திட்டத்தின் கீழ் விலை ஆதரவுத் திட்டம் இருக்கிறது. சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போகும்போது, மாநில அரசு முன்மொழிவு அனுப்பி, ஒன்றிய அரசு ஒப்புக்கொண்டால், நாஃபெட் போன்ற அமைப்புகள் குறிப்பிட்ட நாட்களுக்கு, குறிப்பிட்ட அளவுக்கு வாங்கும். இந்த மாவட்டத்துத் தென்னை விவசாயிகளுக்கு இது புதிதல்ல. 2023-இல் அரவைக் கொப்பரைக்கு 10,860 ரூபாய் அறிவிக்கப்பட்டு, சந்தை அதற்குக் கீழே கிடந்தபோது, தமிழ்நாட்டில் இந்த வழியில்தான் கொப்பரை வாங்கப்பட்டது. 2025-இல் சந்தை எங்கோ மேலே போய்விட, ஆதரவு விலையை நினைத்துப் பார்க்கவும் ஆள் இருக்கவில்லை. கடலைக்கும் இதே வாசல்தான். ஆனால் முன்மொழிவு, ஒப்புதல், நிலையம், பதிவு என்று ஒவ்வொரு படியாகக் கடந்து அது திறக்கும்போது பெரும்பாலான கடலை வியாபாரி கைக்குப் போயிருக்கும். பிடுங்கின கடலையை வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருக்கச் சிறு விவசாயியால் முடியாது.

இதைவிடக் கசப்பான சேதி ஒன்று இருக்கிறது. கடலைக்கு 480 ரூபாய் உயர்த்தி அறிவித்தது 2025 மே 28. இரண்டே நாள் கழித்து, மே 30 அன்று, கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரி 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. நகரத்துச் சமையலறைக்கு எண்ணெய் மலிவாக வேண்டும் என்பது அதற்கான காரணம். அதையும் தப்பென்று ஒதுக்க முடியாது. ஆனால் செக்குக்காரரும் எண்ணெய் ஆலையும் கடலைக்குக் கொடுக்கும் விலை, துறைமுகத்தில் பாமாயில் என்ன விலைக்கு இறங்குகிறது என்பதை ஒட்டியே ஏறி இறங்கும். ஒரே அரசு ஒரே வாரத்தில் ஒரு கையால் விலையை உயர்த்தி எழுதியது, மறுகையால் அந்த விலை சந்தையில் நிற்கத் தேவையான தாங்கலை எடுத்தது. இதில் ஆலங்குடி விவசாயி அறிந்தது முதல் செய்தியை மட்டும்தான்.

மாநில அரசின் பங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் விற்கிறார்கள். அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. நெல்லுக்கு ரேஷன் கடை எதைச் செய்கிறதோ, அதைக் கடலைக்குச் செய்யாததற்கு இந்தப் பாக்கெட் ஒரு காரணம். கடலை எண்ணெய் அந்த விலைக்குக் கட்டுப்படி ஆகாது, மானியம் பல மடங்கு கூடும் என்று அதிகாரிகள் சொன்னால் அதில் நியாயம் உண்டு. முழுக்க மாற்றச் சொல்வது நடக்காத பேச்சு. மாதம் ஒரு பங்கு உள்ளூர் எண்ணெய், சத்துணவுக் கூடங்களுக்குக் கடலை மிட்டாய் என்று தொடங்கினாலும், வாங்கிய கடலைக்குப் போக ஓர் இடம் கிடைக்கும். போக்கிடம் இல்லாத பொருளுக்கு நிலையான கொள்முதல் எங்கும் நடந்ததில்லை.

உளுந்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட ரகங்கள் தமிழ்நாட்டு வயல்களுக்கெல்லாம் போயிருக்கின்றன. 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800. துவரை, உளுந்து, மசூர் மூன்றையும் விளைச்சலில் எவ்வளவு வந்தாலும் வாங்குவதாக ஒன்றிய அரசு 2025-இல் சொல்லியிருக்கிறது. அதே சமயம் மியான்மரிலிருந்து வந்த உளுந்துக்கு 2026 மார்ச் வரை வரியில்லை என்றும் அது அறிவித்திருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் 12 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. சம்பாவுக்குப் பின் தெளித்த உளுந்தை அறுத்து, இரண்டு வெயில் கூடுதலாகக் காயவைத்து, முன்பதிவு செய்து வைப்பவருக்கு இதில் வாய்ப்பு இருக்கிறது.

பூவும் பலாவும் வாழையும் பட்டியலிலேயே இல்லை. கீரமங்கலத்து மல்லிகைக்கு ஆதரவு விலை கேட்டு எழுதும் மனு தவறான மேசைக்குப் போகிறது. அங்கே கேட்க வேண்டியது குளிர்சாதனக் கிடங்கும் பதப்படுத்தும் ஆலையும்.

இனி மனுவின் வாசகம். நெல் விவசாயிகள் கேட்க வேண்டியது விலை உயர்வை அல்ல, அது வேறு மேடைக்குரியது. தங்கள் வட்டாரத்தில் எந்தெந்த ஊரில், தை மாதம் எந்தத் தேதியில் நிலையம் திறக்கும், அதற்குமுன் எத்தனை சாக்கும் படுதாவும் இறங்கியிருக்கும், அடுக்கிய மூட்டைகளை எத்தனை நாளுக்குள் ஏற்றுவார்கள் என்று மார்கழிக் கூட்டத்திலேயே எழுத்தில் பதில் கேளுங்கள். கடலை விவசாயிகள், விலை ஆதரவுத் திட்டத்துக்கான முன்மொழிவு அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பப்பட்டதா, அனுப்பியிருந்தால் கடித எண் என்ன என்று கேளுங்கள்.

குத்தகைக்கு உழுகிறவர்களின் நிலை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது. நிலையத்தில் விற்க அடங்கலும் சிட்டாவும் ஆதாரும் வங்கிக் கணக்கும் வேண்டும். இணையப் பதிவை கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்க வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் கோயில் நிலத்தையோ வெளியூர்க்காரர் நிலத்தையோ உழுகிறவர் பெயரில் அடங்கல் இருக்காது. நெல் அவருடையது, பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போகும், அல்லது நெல் வியாபாரிக்குப் போகும். அந்த வியாபாரி வேறொருவர் அடங்கலில் அதே நெல்லை அதே நிலையத்தில் 2,500-க்குப் போட வழி இருக்கிறது. சாகுபடி செய்கிறவர் பெயரை அடங்கலில் ஏற்றுவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நடவு முடிந்ததும் வயலுக்கு வந்து பார்த்து எழுதினால் போதும். மார்கழிக் கூட்டத்து மனுவில் முதல் பத்தியாக இதைப் போடுங்கள்: அடங்கலில் பட்டாதாரர் பெயரும் உழுகிறவர் பெயரும் அடுத்தடுத்த கட்டத்தில் இருக்க வேண்டும்.